டைபாய்டு: ஊசியா, மாத்திரையா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அண்ணிக்கு இது கர்ப்பத்தின் ஐந்தாம் மாதம், அடுத்த மாதம் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். டைபாய்டுக்கு ஊசி போடுவதா, ஊசி என்றாலே பயம் என்பதால் மாத்திரையா என்று குழம்பிப்போய்க் கேட்டார்.

உள்ளே இருப்பது: ஊசியில் கிருமியின் மேலுறைச் சர்க்கரை மட்டும். மாத்திரையில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி.

சிரமம்: ஊசி ஒரே தடவை, கை ஒரு நாள் வலிக்கும். மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றோ நான்கோ, வெறும் வயிற்றில் விழுங்கவேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கவேண்டும், நடுவில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அந்தக் கிருமியே செத்துவிடும், அப்புறம் பலன் இல்லை.

நேரம்: ஊசி பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, மாத்திரை ஒரு வாரம் முன்பே முடியவேண்டும்.

கர்ப்பிணிக்கு மாத்திரை வேண்டாம், உயிருள்ளது என்பதால்தான். தட்டம்மை-புட்டாளம்மை-ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளும் அப்படியே. அவற்றைப் போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பதையும் தள்ளிப்போடச் சொல்வார்கள். அண்ணிக்கு, டாக்டர் சரி என்றால், ஊசிதான். மாத்திரை, கர்ப்பமில்லாத, ஊசிக்குப் பயந்த அண்ணனுக்குச் சரிவரும், ஆனால் வைவோடிஃப் என்ற மாத்திரையின் தயாரிப்பு 2024-இல் நின்றுவிட்டதால், கிடைத்தால் மட்டும்தான். இரண்டுமே முழுப் பாதுகாப்பு தராது, மதுரையில் ஜிகர்தண்டா ஐஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.