டாக்சிசைக்ளினும் வெயிலும்: மாத்திரையை மாற்றுவதா, பழக்கத்தை மாற்றுவதா?

முகப்பருவுக்காக, கிருமிக்கொல்லி மருந்தான டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் எழுதிக் கொடுக்கும் தோல் மருத்துவர், வெயிலில் கவனமாக இருக்கும்படியும் சொல்லி அனுப்புவார். அந்த ஒற்றை வரியைக் கேட்டுச் சிலர் மதிய வெயிலை மட்டும் தவிர்க்கிறார்கள், சிலர் மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள், இன்னும் சிலர் வெயில் ஒத்துக்கொள்ளாத மருந்தே வேண்டாம் என்று மினோசைக்ளினையோ அசித்ரோமைசினையோ கேட்கிறார்கள். இந்த வழிகளில் எது எவ்வளவு பயன் தரும் என்பதை, சென்னையில் நாள் முழுவதும் இருசக்கர வண்டியில் கடைகடையாகச் செல்லும் ஒரு விற்பனைப் பிரதிநிதியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

இரத்தத்தின் வழியாகத் தோலை அடையும் டாக்சிசைக்ளின், சூரிய ஒளியில் உள்ள யூவிஏ கதிர்களை உறிஞ்சி, அந்த ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்துகிறது. அதனால் உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் வடிவங்கள் தோல் செல்களைத் தாக்குகின்றன. இது ஒவ்வாமை அன்று. போதிய அளவு மருந்தும் போதிய வெயிலும் சேர்ந்தால் யாருக்கும், மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே கூட, நேரலாம். மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பதால், நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் எடுப்பவரின் நிலை 100 எடுப்பவரின் நிலையைவிட மோசமானது. இரவில் விழுங்கினால் தப்பலாம் என்ற கணக்கும் சரிப்படாது. உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும் என்பதால், மறுநாள் நண்பகலிலும் அது தோலில் இருக்கும். மேலும், இரவில் விழுங்கியவுடன் படுத்துவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் ஆபத்தும் உண்டு. உணவுக்குப் பின் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருப்பதே நல்லது.

இனி மாற்று மருந்துகள். மினோசைக்ளின் டாக்சிசைக்ளினின் அதே டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், வெயிலால் வரும் எரிச்சல் இதில் குறைவு. ஆனால் அந்த வசதிக்கு வேறொரு விலை உண்டு. நீண்ட நாள் எடுத்தால் பருத் தழும்புகளிலும் முழங்காலுக்குக் கீழும் நீலம் கலந்த சாம்பல் நிறம் படியலாம். மாநிறத் தோலில் அது முதலில் கண்ணுக்குத் தெரியாமலே வளரும். தலைச்சுற்றலும், அரிதாக லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயும், கல்லீரல் அழற்சியும் கூட நேரலாம். வெயிலால் வரும் எரிச்சல் எப்போது, எங்கே வரும் என்று கணித்துத் தடுக்க முடிகிறது. மினோசைக்ளினின் அரிய விளைவுகளை அப்படித் தடுக்க வழியில்லை. எனவே வெயில் ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு டாக்சிசைக்ளினிலிருந்து மினோசைக்ளினுக்குத் தாவுவது, என் பார்வையில், நட்ட வியாபாரம். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் டாக்சிசைக்ளினை உறுதியாகப் பரிந்துரைத்துவிட்டு, மினோசைக்ளினை நிபந்தனையுடனேயே பரிந்துரைக்கிறது.

வெயில் தொல்லை அசித்ரோமைசினில் மிக அரிது. ஆனால் நம் நாட்டில் டைஃபாய்டுக்கு இன்னும் கைகொடுக்கும் சில மருந்துகளில் அதுவும் ஒன்று. பருவுக்காக அதை வாரக்கணக்கில் விழுங்கி, கிருமிகளை அதற்குப் பழக்கப்படுத்துவது தகாது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகளே கூடாத கர்ப்பிணிகள் போன்றவர்களுக்கு மருத்துவர் அதைத் தேர்ந்தெடுப்பது வேறு விஷயம். பிரிட்டனில் டாக்சிசைக்ளினுக்கு இணையாகவே பரிந்துரைக்கப்படும் லைமெசைக்ளினில் வெயில் தொல்லை குறைவு. நாளெல்லாம் வெட்டவெளியில் வேலை செய்பவர் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய மாற்று அதுதான்.

பெரும்பாலோருக்கு, ஆக, மாத்திரை அதேதான். மாற வேண்டியது வெயில் பழக்கம். இங்கேதான் சன்ஸ்கிரீன் டப்பாவின் எந்த எண்ணைப் பார்ப்பது என்ற கேள்வி வருகிறது. எஸ்பிஎஃப் என்பது பெரும்பாலும் தோலைச் சிவக்கவைக்கும் யூவிபி கதிர்களுக்கு எதிரான அளவு. டாக்சிசைக்ளினைத் தூண்டுவதோ யூவிஏ. எனவே எஸ்பிஎஃப் 70 என்று பெரிதாக அச்சிட்டு யூவிஏ பற்றி எதுவும் சொல்லாத டப்பாவைவிட, எஸ்பிஎஃப் 30 அல்லது 50 உடன், யூவிஏ தடுப்பைக் காட்டும் பிஏ++++ குறியும் உள்ளது இந்த மாத்திரை எடுப்பவருக்கு உகந்தது. எந்த டப்பாவாக இருந்தாலும், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்த அளவு வேண்டும். ஒரு பட்டாணி அளவு தடவினால் டப்பாவில் எழுதியிருப்பதில் சிறு பகுதிதான் கிடைக்கும். எண்ணெய்ப் பசைத் தோலுக்கு ஜெல் வகை வசதியானது. பரு மருந்துகளால் முகம் எரிபவருக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளது இதமாக இருக்கும்.

ஆனாலும் நம் பிரதிநிதிக்குச் சன்ஸ்கிரீன் இரண்டாம் காவல்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ அவருக்கு நேரமும் இல்லை. வியர்வையில் பூச்சு நிற்பதும் இல்லை. கைப்பிடியைப் பற்றியிருக்கும் புறங்கைகள்தாம் அவர் உடலில் அதிக வெயில் வாங்கும் இடம். அங்கே பூசுவதை எல்லோரும் மறக்கிறார்கள். முழுக்கைச் சட்டையும், நகம் வரை மூடும் கையுறையும், முகக்கண்ணாடியை இறக்கிவிட்ட தலைக்கவசமும் பூச்சைவிட நம்பகமானவை. நகத்தை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மருந்தும் வெயிலும் சேர்ந்தால், சில வாரங்கள் கழித்து நகம் நுனியிலிருந்து வலியுடன் சதையைவிட்டுப் பிரிந்து வரலாம். காரில் போகிறவரும் முழுதாகத் தப்பிவிடுவதில்லை. முன்கண்ணாடி யூவிஏவைப் பெருமளவு தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பலவற்றில் அது உள்ளே வரும். யூவிபி அளவுக்கு யூவிஏ காலையிலும் மாலையிலும் குறைவதில்லை, மெல்லிய மேகமும் அதைத் தடுப்பதில்லை. ஆகவே மதியத்தை மட்டும் தவிர்ப்பது அரைகுறைப் பாதுகாப்பே.

எரிச்சல் வந்துவிட்டால் காரணம் மாத்திரையா, பருவுக்காகவே இரவில் பூசும் அடாபலீன் ஜெல்லா என்ற குழப்பம் வரும். ஜெல்லின் எரிச்சல் பூசிய இடத்தில், குறிப்பாக மூக்கோரத்திலும் வாயோரத்திலும், வறண்டு செதில் உரியும். மாத்திரையின் எரிச்சல் வெயில் பட்ட இடத்தில் மட்டும் வரும்: மூக்கு, கன்னம், சட்டையின் கழுத்துத் திறப்பு, ஜெல்லே படாத புறங்கை. தாடைக்குக் கீழும் காதுக்குப் பின்னும் தோல் தெளிவாக இருக்கும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம் என்பதால், வெயிலில் நின்ற சில மணி நேரத்தில் சுள்ளென்று எரிவதையும், தொட்டால் சூடாக இருப்பதையும், பின்னர் கறுப்பதையும் கவனிக்க வேண்டும். அப்படி வந்தால் ஜெல்லைச் சில நாள் நிறுத்தி, குளிர்ந்த ஈரத்துணி ஒற்றலாம். கொப்புளம் கண்டாலோ நகம் வலித்தாலோ அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார்.

மாத்திரை வழக்கமாக மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் நீளாது; தொடங்கும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், சித்திரை வைகாசியைவிட ஐப்பசி வசதியானது. நிறுத்திய நான்கைந்து நாளில் மருந்து உடலைவிட்டு ஏறக்குறைய நீங்கிவிடும் என்பதால், கையுறையை ஒரு வாரம் கழித்துக் கழற்றிவிடலாம். பரு விட்டுச்சென்ற கரும்புள்ளிகள் மங்கும் வரை சன்ஸ்கிரீனைத் தொடர வேண்டியிருக்கும். அதற்கு மேலும் பல மாதங்கள் ஆகலாம்.