கேபினா, வரிசைக் கழிப்பறையா? 5,000 பேர் கூடும் ஒரு நாள் விழாவுக்கு ஒரு கணக்கு

மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரி மைதானத்தில் நாட்டுப்புறக் கலை விழா. காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 9 மணி வரை. 5,000 பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், பை வைக்கும் கவுண்டர் மூன்றும் இரண்டு வருடமாக என் பொறுப்பு. முதல் வருடம் பெண்கள் பக்கம் கீழேயே தொட்டி உள்ள தனித்தனி வாடகை கேபின்கள் வைத்தேன். இந்த வருடம் எல்லா அறைக் கழிவும் ஒரே பைப்பில் வெளியே போகும் வரிசைக் கழிப்பறைக்கு மாறினேன். பெரிய கூட்டம், முழு நாள் என்றால் இனி கேபின் பக்கம் போக மாட்டேன்.

எத்தனை வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. 6 மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும் நிகழ்ச்சிக்கு 100 பெண்களுக்கு ஒரு கழிப்பறை, 500 ஆண்களுக்கு ஒன்று, அதோடு 150 ஆண்களுக்கு ஒரு சிறுநீர்க் கோப்பை என்பது பிரிட்டனின் 1999-ஆம் ஆண்டு நிகழ்ச்சிப் பாதுகாப்பு வழிகாட்டி சொன்ன அளவு. அதன்படி 2,500 பெண்களுக்கு 25. ஒருவர் நாளைக்கு இரண்டு முறை போனால் 5,000 தடவை. ஒருவருக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஒரு கழிப்பறை மணிக்கு 20 பேரைத் தாங்கும், 25 கழிப்பறை 500 பேரை. நாள் முழுக்கப் பரவி வந்தால் போதும்தான். ஆனால் மூன்று நிமிடம் என்பது நம் ஊருக்குக் குறைவு. கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். சேலை கட்டியவர்களுக்கு நாலு நிமிடம் ஆகிறது, கையில் குழந்தை இருந்தால் ஆறு. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கழிப்பறையைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. சாப்பாட்டை இரண்டு பந்தியாக, முக்கால் மணி இடைவெளியில் பிரித்தோம். வரிசை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

இனி வருவதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. கேபினுக்குக் கீழே உள்ள தொட்டி எவ்வளவு பிடிக்கும், அது நிறைந்தால் யார், எப்படி எடுப்பார்கள்?

நாங்கள் எடுத்த கேபின்களில் தொட்டி 250 லிட்டர். தண்ணீரே ஊற்றாமல், மருந்து கலந்த தொட்டியோடு பயன்படுத்தும் ஊர்களில் இது தாராளமாகப் போதும். நம் ஆட்கள் கழுவுவார்கள், பிறகு கோப்பையிலும் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படித்தான் செய்யவும் வேண்டும். ஒரு தடவைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். 50 பேர் போனதும் தொட்டி நிறைந்துவிடும். எங்கள் கூட்டத்துக்கு ஒரு கேபினில் மணிக்குப் பதினாறு பதினேழு பேர். 9 மணிக்குத் திறந்தால் மதியம் 12 மணிக்கு முதல் நிறைவு. மொத்தமாகப் பார்த்தால் 5,000 தடவைக்கு 25,000 லிட்டர் கழிவு. 25 கேபினும் சேர்ந்து பிடிப்பது 6,250 லிட்டர். அதாவது ஒரே நாளில் ஒவ்வொரு கேபினையும் நாலு முறை காலி செய்தாக வேண்டும்.

முதல் வருடம் இந்தக் கணக்கை நான் போடவில்லை. வாடகைக்கு விட்டவர் ‘மாலையில் ஒரு தடவை லாரி வந்தால் போதும்’ என்றார், நம்பினேன். 12 மணிக்கு ஒன்றிரண்டு கேபினில் கோப்பை வழிய ஆரம்பித்தது. லாரியை வரவழைத்தோம், கேட் வரைக்கும் வந்தது. உள்ளே மேடைக்கும் உணவுக் கடைகளுக்கும் நடுவில் ஜனம் நின்றது. 3 மணி வரை வண்டியை உள்ளே விட வழியில்லை. அதற்குள் ஒன்பது கேபினைக் கயிறு கட்டி மூடிவிட்டோம். பக்கத்துத் தெரு வீடுகளில் கதவைத் தட்டிக் கேட்டுப் போன பெண்களைப் பார்த்தேன். அதைவிட என்னை உலுக்கியது முதலுதவிப் பந்தலில் மயங்கிப் படுத்திருந்த ஓர் அம்மா சொன்னது: “போக இடம் இல்லைன்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்கலப்பா.” கழிப்பறை சரியில்லாத இடத்தில் குடிநீர்க் குழாய் எத்தனை வைத்தும் பயனில்லை என்று அங்கேதான் புரிந்தது.

இந்த வருடம் இரும்புச் சட்டத்தில் தகரம் அடித்த அறைகள், பதின்மூன்று பதின்மூன்றாக முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு வரிசை. தரையிலிருந்து இரண்டரை அடி உயர மேடை, மேலே இந்தியன் கோப்பைகள். நடுவில் இரண்டு வரிசைக்கும் பொதுவாக 4 இன்ச் பிவிசி பைப், 60 அடிக்கு ஓர் அடி சரிவில். மைதானத்தின் தெற்கு ஓரம் வெளி ரோட்டைவிட ஆறடி உயரம். பைப்பை அந்தக் கரை தாண்டி இறக்கி, ரோட்டோரம் இரண்டு 5,000 லிட்டர் தொட்டியில் விட்டோம். ஒன்று நிறைந்ததும் வால்வைத் திருப்பி மற்றதில் விடுவோம், செப்டிக் டேங்க் லாரி முதல் தொட்டியை உறிஞ்சிக்கொண்டு போகும். அன்று ஐந்து நடை வந்தது. கூட்டத்துக்குள் ஒரு முறைகூட வண்டி நுழையவில்லை. ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவது குற்றமும்கூட.

இதற்குச் செலவு கேபினைவிடக் கூடுதல்தான், கட்ட இரண்டு நாள் முன்கூட்டியே வேண்டும். அந்தச் சரிவு எங்களுக்கு அமைந்தது. சமதரை மைதானம் என்றால் தொட்டியைப் புதைக்க வேண்டியிருக்கும், அல்லது பக்கத்துப் பாதாளச் சாக்கடை மேன்ஹோலில் அனுமதி வாங்கி இணைக்க வேண்டும். இந்த இரண்டையும் நான் செய்து பார்த்ததில்லை. ஐந்நூறு பேருக்கு உட்பட்ட அரை நாள் நிகழ்ச்சி என்றால் கேபினே போதும், லாரி பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி வைத்தால் சரி. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக இந்த முறையும் அகலமான கேபின் இரண்டு தரைமட்டத்தில் வைத்தோம்.

குடிநீருக்கு 20 லிட்டர் கேனா, குழாய் வரிசையா என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. தலைக்கு 3 லிட்டர் என்றால் 15,000 லிட்டர், அதாவது 750 கேன். தூக்கிக் கவிழ்க்கவே தனி ஆள்படை வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய் என்பது நிவாரண முகாம்களுக்கான ஸ்ஃபியர் கையேட்டின் அளவு, அதன்படி 20 குழாய். தொட்டிக்கு மேல் கீற்றுப் பந்தல், குழாய்க்குக் கீழே ஜல்லி. இது இல்லாவிட்டால் தண்ணீர் சுடும், ஒரு மணி நேரத்தில் காலடி சேறாகும். கேன் தண்ணீரைத்தான் நம்புவோம் என்றவர்களும் உண்டு. முதலுதவிப் பந்தலில் மட்டும் கேன் வைத்தோம்.

பை, ஹெல்மெட் கவுண்டரில் என் அனுபவம் குறைவு. வாங்குவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். 600 பொருள் வந்தது, நாள் முழுக்க நிதானமாக வந்தது. திரும்பக் கேட்டது இரவு 9 மணிக்கு மேல் அரை மணி நேரத்தில். ஒன்றை எடுத்துக் கொடுக்க அரை நிமிடம் என்றால் பத்துப் பேர் கவுண்டரில் நிற்க வேண்டும். முதல் வருடம் எந்தக் கவுண்டரிலும் வாங்கலாம் என்று விட்டு, எல்லாரும் ஒரே அலமாரிக்குள் முட்டிக்கொண்டோம். இந்த வருடம் 1 முதல் 60 வரை ஒரு கவுண்டர், 61 முதல் 120 வரை அடுத்தது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் அலமாரி. டோக்கன் நிறமும் கவுண்டருக்கு ஒன்று. மழை வந்து எல்லாரும் நடுவிலேயே ஓடி வந்தால் இது தாங்குமா என்பதை இன்னும் பார்க்கவில்லை.