ரியாக்ஷனா, ரிப்ளையா, டேக்கா: குரூப்பில் யார் போன் அடிக்கும்?

ஓர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப். 40 வீடு, எப்படியும் எழுபது எண்பது பேர் இருப்பார்கள். சனிக்கிழமை மாலை செயலாளர் ஓர் அறிவிப்பு போடுகிறார்: “நாளை காலை 9 முதல் 1 மணி வரை சம்ப் கிளீனிங். குழாயில் தண்ணீர் வராது. இன்றே பிடித்து வைத்துக்கொள்ளவும்.” அவ்வளவுதான். உடனே “ஓகே சார்”, “நோட்டட்”, “தேங்க்யூ சார்” என்று வரிசை கட்டும். அதற்கு நடுவில் இரண்டு பேர் நிஜமாகவே ஏதோ கேட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கச் செயலாளர் கட்டைவிரல் தேயத் தேய மேலே தள்ள வேண்டும்.

இந்த ஒரு மாலைக்குள்ளேயே ரியாக்ஷன், ரிப்ளை, டேக் மூன்றையும் வைத்துப் பார்த்துவிடலாம். மூன்றும் ஏதோ ஒரே மாதிரி வேலை செய்வதாகத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் யார் போன் அடிக்கிறது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முதலில் ரியாக்ஷன். மெசேஜை அழுத்திப் பிடித்தால் எமோஜி வரிசை வரும், ஒன்றைத் தொட்டால் முடிந்தது. வாட்ஸ்அப்பில் இது 2022 மே மாதம் ஆறே ஆறு எமோஜிகளோடு வந்தது. இரண்டு மாதத்தில் எந்த எமோஜியை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு மெசேஜுக்கு ஒருவர் ஒன்றுதான் போட முடியும். இன்னொன்றைத் தொட்டால் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துகொள்ளும்.

ரியாக்ஷன் போட்டால் அறிவிப்பு போவது அந்த மெசேஜை எழுதியவருக்கு மட்டும். மற்ற எழுபது பேருக்கும் சத்தமில்லை, சாட்டில் ஒரு வரிகூட அதிகமாகாது. அதனால் “ஓகே சார்” போடுகிற இடத்துக்கு 👍 கன கச்சிதம். முப்பது மெசேஜ் வர வேண்டிய இடத்தில் ஒரு மெசேஜும் அதன் அடியில் ஒரு 👍 எண்ணிக்கையும் மட்டும் நிற்கும். கேள்வி கேட்டவர்களின் மெசேஜும் புதைந்து போகாது. எழுதியவருக்கும் அந்த டிங் டிங் தொல்லை வேண்டாமென்றால், நோட்டிஃபிகேஷன் அமைப்பில் ரியாக்ஷன் அறிவிப்பை மட்டும் தனியாக நிறுத்திக்கொள்ளலாம்.

சிக்கல் எங்கே என்றால், 👍 என்ன சொல்கிறது என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். சம்ப் அறிவிப்புக்குப் போட்டால் ‘படித்துவிட்டேன்’ என்று எடுத்துக்கொள்ளலாம், வம்பில்லை. அதே செயலாளர் “அடுத்த மாதத்திலிருந்து மெயின்டனன்ஸ் 500 ரூபாய் கூட்டலாமா?” என்று கேட்டு, அதற்கு 22 கட்டைவிரல் விழுந்தால்? சம்மதம் என்று அவர் சொல்வார், பார்த்தேன் என்றுதான் போட்டேன் என்று 4டி வீட்டுக்காரர் சொல்வார். சரி, வெறுமனே படித்தார்களா என்று தெரிந்துகொள்ள மட்டும் 👍 கேட்கிறார்கள் என்றால் அதற்கு அவசியமே இல்லை. அனுப்பியவர் தன் மெசேஜை அழுத்திப் பிடித்து இன்ஃபோ பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் படித்தார்கள் என்று பெயரோடு காட்டும். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்களும் குரூப்பில் தப்ப முடியாது, அந்த அமைப்பு குரூப்புக்குச் செல்லாது. சம்மதம் கேட்பதென்றால் வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்புக்கு ‘போல்’ என்ற வசதி இருக்கிறது, அதைப் போடுவதுதான் முறை.

இன்னொன்று, ரியாக்ஷனை ஒளிக்க முடியாது. எமோஜியைத் தொட்டால் யார் யார் போட்டார்கள் என்று எல்லோருக்கும் பட்டியல் வரும். இரங்கல் செய்திக்குக் கை தவறி 😂 போட்டு, பதறி எடுத்தாலும், எழுதியவர் அதற்குள் பார்த்திருக்க வாய்ப்புண்டு.

ரிப்ளைக்கு வருவோம். மெசேஜை வலப்பக்கம் இழுத்தால் போதும், அதன் சிறு பிரதி நம் பதிலின் தலையில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தொட்டால் மூல மெசேஜுக்கே கூட்டிப்போகும். இதை ஏன் சிரத்தையாகச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்தச் சனிக்கிழமையே பதில்.

3பி மேடம் கேட்கிறார்: “போர் தண்ணியாவது வருமா சார்?” அடுத்த நிமிடமே 1சி மேடம்: “லாரி தண்ணி வருமா சார்?” செயலாளர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர், சிக்னலில் நிறுத்திப் பார்க்கிறார். கடைசியாகக் கண்ணில் பட்டது லாரி. “வரும் மேடம்” என்று தட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். அவர் தட்டி முடிப்பதற்குள் 2ஏ-விலிருந்து ஒரு குட்நைட் படமும் வந்துவிட்டது. இப்போது அந்த “வரும் மேடம்” யாருக்கு? கேட்ட இருவரும் மேடம், இருவர் கேள்விக்கும் பொருந்துகிற பதில். 3பி போர் தண்ணீர் வரும் என்று நம்பி ஒரு குடம்கூடப் பிடித்து வைக்காமல் தூங்கப் போய்விடுகிறார். போரும் அதே சம்புக்குத்தான் ஏறுகிறது, எங்கிருந்து வரும்?

ஒரு தடவை இழுத்து ரிப்ளை செய்திருந்தால் “லாரி தண்ணி வருமா சார்?” என்பது தலையிலேயே நின்றிருக்கும். ஆம், இல்லை, வரும், வேண்டாம், 9 மணிக்கு என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவர்களுக்கு ரிப்ளை கட்டாயம். நடுவில் வேறு மெசேஜ் எதுவும் விழாத இருவர் பேச்சில் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்து ரிப்ளை செய்வது மட்டும் கொஞ்சம் ஓவர்.

ரிப்ளையில் அறிவிப்பு எப்படிப் போகிறது? அது முழு மெசேஜ் என்பதால் குரூப்பை மியூட் செய்யாத எல்லோருக்கும் அடிக்கும். மியூட் செய்திருந்தாலும், ஆர்க்கைவுக்குள் தள்ளியிருந்தாலும், யாருடைய மெசேஜுக்கு ரிப்ளை வந்ததோ அவருக்கு மட்டும் தனியாகத் தெரிவிக்கும். ஆக, ரியாக்ஷனைவிட இது சத்தம் அதிகம், ஆனால் பதில் எல்லோர் கண்ணிலும் படும். லாரி தண்ணீர் விஷயத்தைக் கேட்டவர் 1சி ஒருவர்தான், தெரிய வேண்டியவர்கள் 40 வீடும். 1சி கேள்விக்குச் செயலாளர் வெறும் 👍 போட்டிருந்தால் அது 1சி போனில் மட்டும் ஒலித்து அடங்கியிருக்கும். அடுத்த அரைமணியில் இன்னும் நாலு பேர் அதையே கேட்டிருப்பார்கள்.

அந்த ஒட்டிய பிரதியில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் ரிப்ளை செய்பவரின் போன்தான் மூலத்தின் வாசகத்தைப் பதிலோடு சேர்த்து அனுப்புகிறது. அதனால் 4டி கோபத்தில் எழுதியதை ‘எல்லோருக்கும் நீக்கு’ என்று அழித்தாலும், அதற்குள் யாராவது ரிப்ளை செய்திருந்தால் அந்தப் பெட்டிக்குள் அவர் எழுதியது அப்படியே கிடக்கும். 2018 ஆகஸ்டில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இந்த மேற்கோளை மாற்றி ஒருவர் சொல்லாததைச் சொன்னதுபோல் காட்ட முடியும் என்று செய்தே காட்டியது. சாதாரணமாக யாரும் செய்யக்கூடிய வேலை இல்லை. இருந்தாலும் யார் என்ன சொன்னார் என்று சண்டை வந்தால் ரிப்ளை பெட்டியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாமல் மூல மெசேஜுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. டெலிகிராமில் கதை வேறு: அங்கே சாதாரண ரிப்ளை மூலத்தைச் சுட்டிக்காட்டுவதோடு சரி. மூலத்தைத் திருத்தினால் பெட்டியும் மாறும், அழித்தால் பெட்டியிலும் வாசகம் போய்விடும். ஆனால் 2023-இல் வந்த வசதிப்படி ஒரு வரியை மட்டும் தேர்ந்தெடுத்து மேற்கோளாக்கினால் அந்த வரி தங்கிவிடும்.

மூன்றாவது டேக், அதாவது @ போட்டுப் பெயர் சொல்லி அழைப்பது. வாட்ஸ்அப்பில் 2016-லிருந்து இருக்கிறது. சம்ப் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு முன்பணம் அனுப்ப வேண்டியவர் பொருளாளர். குட்மார்னிங் படங்கள் தாங்காமல் அவர் குரூப்பை ‘எப்போதும்’ என்று மியூட் செய்து வைத்திருக்கிறார். செயலாளர் “பொருளாளர் சார், அட்வான்ஸ் போட்டாச்சா?” என்று எழுதினால் மற்ற எல்லோர் போனும் அடிக்கும், அவருடையதைத் தவிர. இந்த இடத்துக்குத்தான் டேக். மியூட்டையும் தாண்டி அவர் போனில் தெரிவிக்கும், சாட் பட்டியலிலும் @ குறி காட்டும்.

அதிகம் சொதப்புவதும் இதில்தான். @ அடித்ததும் கீழே உறுப்பினர் பட்டியல் வரும். அதிலிருந்து பெயரைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலைக் கவனிக்காமல் @பொருளாளர் என்று கையால் அடித்து அனுப்பினால் அது வெறும் எழுத்து, யாருக்கும் எதுவும் போகாது. குறிப்பு ஆப்பில் டைப் செய்து இங்கே ஒட்டினாலும் அதே கதிதான். டேக் விழுந்ததா என்று தெரிந்துகொள்ள நிறத்தைப் பாருங்கள்: விழுந்திருந்தால் பெயர் மட்டும் மற்ற எழுத்திலிருந்து வேறு நிறத்தில் நிற்கும். விழவில்லை என்றால் புதிதாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள். திருத்தினால் புது அறிவிப்பு போகாது. டெலிகிராமில் பயனர்பெயர் வைத்திருப்பவரைக் கையால் @ போட்டு அடித்தாலும் டேக் விழும், ஏனென்றால் அந்தப் பெயர் அங்கே ஒருவருக்குத்தான் இருக்கும். வாட்ஸ்அப் டேக் உள்ளே அந்த ஆளின் கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. பெயராகத் தெரிவது ஒவ்வொருவர் போனிலும் சேமித்தபடி. ‘பழைய பாக்கி 3பி’ என்று நீங்கள் சேமித்து வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது உங்கள் திரையில் மட்டும்தான்.

பொருளாளரை டேக் செய்தாயிற்று, ஆனால் குரூப்பைத் திறக்காமலே இருக்கிறவருக்கு எந்த அட்வான்ஸ் என்று எப்படித் தெரியும்? சம்ப் அறிவிப்பை இழுத்து ரிப்ளையாக்கி, அதற்குள் அவரை டேக் செய்து “அட்வான்ஸ் போட்டாச்சா சார்?” என்று கேட்டால் விஷயமும் மேலே நிற்கும், ஆளும் வந்துவிடுவார். என்னைக் கேட்டால் மூன்று வசதிகளில் எதையும்விட இந்தச் சேர்க்கைதான் அதிகம் பயன்படுவது, செய்கிறவர்கள்தான் குறைவு. அவர் பணம் அனுப்பிவிட்டு அதே மெசேஜுக்கு ஒரு ✅ ரியாக்ஷன் போட்டால் கேட்டவருக்கு மட்டும் சேதி போகும், வேறு யாரையும் எழுப்பாது.

பாக்கி வைத்த 15 வீட்டையும் வரிசையாக டேக் செய்து “உடனே கட்டவும்” என்று போடுகிற வழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்காது. அடிக்கடி அடித்தால் டேக்கையும் மக்கள் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள், அது போக ஊர் முன்னால் பாக்கி கேட்பது என்ன பழக்கம்? வாட்ஸ்அப்பில் குரூப் மெசேஜை அழுத்திப் பிடித்தால் மெனுவில் தனியாகப் பதிலளிக்கும் வழி இருக்கிறது. “இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும் சார்” என்று 4டி குரூப்பில் எழுதியதை அப்படியே மேற்கோளாக எடுத்துக்கொண்டு அவருடைய சொந்தச் சாட்டுக்குப் போய் எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்ளலாம்.

பொதுக்குழுவுக்குக் கணக்கு காட்ட குரூப் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து வைக்கும் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த எழுத்துக் கோப்பில் ரியாக்ஷன் வராது, எது எதற்கு ரிப்ளை என்பதும் வராது. 22 கட்டைவிரல் விழுந்த 500 ரூபாய் உயர்வுக்கு அங்கே ஒரு சம்மதமும் இருக்காது. பதிவில் நிற்க வேண்டியதை “4டி, சம்மதம்” என்று எழுதியே அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு நாளைக்கு நாற்பது மெசேஜ் வந்தாலும் பரவாயில்லை.