ஊரில் ஆபரேஷன், மதுரையில் மறு ஆபரேஷன்: இன்சூரன்ஸ் எதைக் கட்டும்?

கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, ஊரிலிருக்கும் அம்மா பெயரில் ஒரு ஹெல்த் பாலிசி ஓடிக்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் புண் சீழ் பிடித்தால் அந்தப் பாலிசி என்ன செய்யும் என்பது இந்தமுறை ஊரில் உறவில் ஒருவருக்கு வந்த கேள்வி. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம்.

ராமநாதபுரத்தில் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்கள். தையல் பிரித்துச் சில நாளில் தழும்பின் ஒரு முனை சிவந்து, அமுக்கினால் மஞ்சளாகச் சீழ் வந்தது. சாதாரண அறுவை சிகிச்சையில் 30 நாளுக்குள்ளும், வலை போன்ற பொருள் உள்ளே இருந்தால் 90 நாள் வரையிலும் வரும் தொற்றை, அந்த அறுவை சிகிச்சையின் தொற்றாகவே மருத்துவர்கள் கணக்கிடுவார்கள். இவரை மதுரைக்குக் கொண்டுபோய் வலையை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் செலவை இன்சூரன்ஸ் கட்டும். தொற்றும் நோய்தான், அது ஆஸ்பத்திரியின் கவனக்குறைவால் வந்தது என்பதற்காகக் கிளெய்மை மறுக்க வழக்கமான பாலிசிகளில் இடமில்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். குடலிறக்கத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில், பாலிசி எடுத்ததிலிருந்து 24 மாதக் காத்திருப்பு உண்டு; அதுவரை அந்த வைத்தியத்துக்குப் பணம் கிடைக்காது. அதற்குள் கைக்காசு போட்டு ஆபரேஷன் செய்திருந்தால், தொற்றும் அதன் தொடர்ச்சிதான் என்று மறுப்பார்கள். காத்திருப்பு முடிந்திருந்தால் அந்தப் பிடி அவர்களுக்கு இல்லை.

அடுத்த சிக்கல் டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் ஆஸ்பத்திரி திரும்ப அழைத்து இரண்டு நாள் படுக்கவைத்து, "காய்ச்சல், கண்காணிப்பு" என்று மட்டும் எழுதி அனுப்பினால், வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்ததாகச் சொல்லித் தள்ளிவிட வழி இருக்கிறது. "இன்ன தேதி அறுவை சிகிச்சைக்குப் பின் வலைத் தொற்று, ஊசி மருந்தும் வலை நீக்கமும் தேவைப்பட்டது" என்று இருக்க வேண்டும். சீழை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லுங்கள். மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். வைத்தியத்துக்கும் கிளெய்முக்கும் அது நஷ்டம்.

இனி பணம். எல்லா நிறுவனங்களும் ஒரே விதியில் விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை 5 லட்சத்துக்கு எடுத்துக்கொள்வோம். அறை வாடகை உச்சவரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். மதுரையில் 8,000 ரூபாய் அறையில் 8 நாள் இருந்தால் வாடகை 64,000; கிடைப்பது 40,000. விஷயம் அதோடு நிற்காது. மருத்துவர், தியேட்டர் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறையும்: 80,000 இருந்தால் 50,000 தான். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை, 60,000 முழுதாக வரும். ஆக 2,04,000 பில்லில் 1,50,000. அதிலும் 5 சதவீதம் நம் பங்கு. கையில் வருவது 1,42,500. ஐயாயிரம் ரூபாய் அறை எடுத்திருந்தால் அந்த 54,000 வெட்டு விழுந்திருக்காது. அவசரத்தில் "நல்ல ரூம் போடுங்க" என்று சொல்லும் மகன்களுக்கு இது தெரிவதில்லை.

டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரை நடக்கும் டிரஸ்ஸிங், மாத்திரை, பரிசோதனைச் செலவும் இதில் சேரும். சீழ்ப் புண் ஆற வாரக்கணக்காகும் என்பதால் இது சின்னத் தொகை அல்ல. மருந்துக்கடைத் துண்டுச்சீட்டு போதாது; மருத்துவர் சீட்டோடு நோயாளி பெயர் போட்ட பில் வேண்டும்.

இன்சூரன்ஸ் வைத்தியச் செலவைத்தான் கட்டும். நஷ்ட ஈடு அதன் வேலை அல்ல. உள்ளே பஞ்சு விட்டுத் தைத்தது போன்ற பிழை என்றால், ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முதல் ஆஸ்பத்திரியின் முழுப் பதிவு தேவை: ஆபரேஷன் குறிப்பு, வலையின் ஸ்டிக்கர், நர்ஸ் சார்ட். எழுதிக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. "எல்லாம் பேசித் தீர்த்தாச்சு" என்று அவர்கள் நீட்டும் தாளில் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கிளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் போகலாம். வக்கீல் தேவையில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று: பாலிசி உங்கள் பெயரில் எடுத்ததென்றால் கிளெய்ம் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும், பணமும் உங்கள் கணக்குக்கே வரும். ஆஸ்பத்திரிச் செலவுக்கான அசல் பில்கள் டிஸ்சார்ஜான 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். விமானம் ஏறுமுன் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கேன்சல் செய்த காசோலையோடு ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.