மூலப்பொருள் பட்டியலா, ஊட்டச்சத்து அட்டவணையா: லேபிளில் எதை முதலில் படிப்பது?

பீநட் பட்டர் புட்டியையோ ஓட்ஸ் பால் பெட்டியையோ திருப்பிப் பார்த்தால், பின்புறத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்லும் மூலப்பொருள் பட்டியல். மற்றது கொழுப்பு, சர்க்கரை, புரதம் ஆகியவற்றை எண்களாகத் தரும் ஊட்டச்சத்து அட்டவணை. எண்கள் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில் நெடுங்காலம் நான் அட்டவணையை மட்டுமே பார்த்து வாங்கிவந்தேன். இப்போது பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன், அட்டவணையை அதற்குச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். இந்த மாற்றத்துக்குக் காரணம் பீநட் பட்டர் என்பதால், அதற்கே இங்கு அதிக இடம் தருகிறேன். முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் 'இயற்கை', 'ஆரோக்கியம்' போன்ற சொற்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இரண்டு புட்டிகளை எடுத்துக்கொள்வோம். முதல் புட்டியின் பட்டியலில் இருப்பது வறுத்த நிலக்கடலை மட்டுமே. அதன் அட்டவணைப்படி 100 கிராமில் கொழுப்பு 50 கிராம், சர்க்கரை 5 கிராம். இரண்டாவது புட்டியின் பட்டியல் 'நிலக்கடலை 90%, பாமாயில், சர்க்கரை, உப்பு' என்று செல்கிறது. அதன் அட்டவணையில் கொழுப்பு அதே 50 கிராம், சர்க்கரை 9 கிராம். அட்டவணையை மட்டும் படிப்பவருக்கு, கொழுப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நிலக்கடலையிலேயே ஏறத்தாழ பாதி எண்ணெய்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கணக்கிட்டால் உண்மை வெளிப்படும். 90 கிராம் கடலையிலிருந்து வரக்கூடிய கொழுப்பு சுமார் 45 கிராம். லேபிள் காட்டுவதோ 50. ஆகவே மீதி 5 கிராம் பாமாயிலிலிருந்து வந்தது. சர்க்கரையிலும் இதே முறைதான்: கடலைக்கு இயல்பாகவே நூற்றுக்கு ஐந்து கிராம் அளவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால், 90 கிராம் கடலை தருவது 4.5 கிராம், எஞ்சிய 4.5 கிராம் வெளியிலிருந்து சேர்த்தது. 90, 5, 4.5 மூன்றையும் கூட்டினால் 99.5 வருகிறது, மிச்சம் அரை கிராம் உப்பு. பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது பொதுவான விதி. சர்க்கரைக்கு முன்னால் பாமாயில் நிற்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

கடலையின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எண்ணெயையும் சர்க்கரையையும் வைக்கும்போது மொத்தக் கொழுப்பு மாறாமல் நிற்கலாம் என்பதுதான் என் முடிவைத் தீர்மானித்தது. மாறுவது கொழுப்பின் வகையே. பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அட்டவணையின் நிறைவுற்ற கொழுப்பு வரியில் ஒன்றரை, இரண்டு கிராம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த வேறுபாட்டைத் தேட வேண்டும் என்ற எண்ணமே பட்டியலைப் படித்த பிறகுதான் வரும்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று உண்டு. மேலே எண்ணெய் மிதக்காமல் இருப்பதற்காக, முழுமையாக ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட தாவர எண்ணெயைச் சேர்க்கிறார்கள். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும் அந்தக் கொழுப்பு, பிரியக்கூடிய கடலை எண்ணெயைப் பிடித்து நிறுத்திவிடுகிறது; அதற்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே போதும். கடலையின் எண்ணெய் அளவு ரகத்துக்கு ரகம் இதைவிட அதிகமாக மாறும் என்பதால், எந்தக் கழித்தல் கணக்கும் இவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்காது. பட்டியல் ஒன்றே சொல்லும். வீட்டில் பார்க்கக்கூடிய அடையாளம், சில வாரங்கள் அசையாமல் வைத்தாலும் எண்ணெய் பிரியாமல் இருப்பது. எனினும் அது உறுதியான சான்று ஆகாது, ஏனென்றால் குளிர்ந்த இடத்தில் வைத்த கலப்பற்ற பீநட் பட்டரும் மெதுவாகத்தான் பிரியும்.

இவ்வளவு பேசிய பிறகு, பட்டியல் தோற்கும் இடத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஓட்ஸ் பால். 'தண்ணீர், ஓட்ஸ் 10%, கனோலா எண்ணெய், கால்சியம் கார்பனேட், உப்பு' என்று பட்டியல் இருக்கும். சர்க்கரை என்ற சொல்லே இருக்காது. ஆனால் அட்டவணையில் 100 மில்லிலிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை என்று இருக்கும். ஓட்ஸில் இயல்பாக உள்ள சர்க்கரை நூற்றுக்கு ஒரு கிராம் அளவே என்பதால், 10% ஓட்ஸ் தரக்கூடியது 0.1 கிராம்தான். மீதி எல்லாம் தயாரிப்பின்போது உண்டானது. ஓட்ஸ் கரைசல் கஞ்சியாக இறுகாமல் இருக்க அமைலேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். அது மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. யாரும் சர்க்கரையைக் கொட்டவில்லை என்பதால் பட்டியலில் அது இடம்பெறுவதில்லை. அமெரிக்க லேபிள்களில் இத்தகைய சர்க்கரை 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியில் காட்டப்படுவதுண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படியான அட்டவணையிலோ மொத்தச் சர்க்கரை மட்டுமே கட்டாயம்.

எண்ணெயின் அளவைக் காணவும் அதே பெட்டி ஒரு பயிற்சி. ஓட்ஸில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு கிராம் என்று வைத்தால், 10% ஓட்ஸ் தருவது 0.7 கிராம். காபியில் நுரை வருவதற்காகத் தயாரிக்கப்பட்ட வகையில் 3 கிராம் கொழுப்பு என்று இருந்தால், அதில் 2.3 கிராம் ஊற்றிய எண்ணெய்.

சர்க்கரை சேர்க்காத சோயா பாலில் இந்தச் சிக்கல் இல்லை. பட்டியலில் தண்ணீரும் சோயாவும் மட்டுமே இருந்தால், அட்டவணையின் சர்க்கரையும் பெரும்பாலும் ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும், புரதமும் 3 கிராம் அளவுக்கு இருக்கும். பாதாம் பாலில் பாதாம் பெரும்பாலும் இரண்டு, மூன்று விழுக்காடுதான். ஆகவே அட்டவணையில் 3 கிராம் சர்க்கரை தெரிந்தால், அது பாதாமினுடையது அன்று என்பதற்குக் கணக்கே தேவையில்லை.

காலை உணவுத் தானியக் கலவைகளை நான் அதிகம் வாங்குவதில்லை, எனவே இதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்: அங்கே இரண்டு பகுதிகளும் தனித்தனியே ஏமாற்றக்கூடும். 'ஓட்ஸ், உலர்திராட்சை 20%, பாதாம் 6%, தேன், சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய்' என்று பட்டியலும், 100 கிராமுக்குச் சர்க்கரை 22 கிராம் என்று அட்டவணையும் இருப்பதாகக் கொள்வோம். 22 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். உலர்திராட்சையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை என்பதால் 13 கிராம் அதற்குரியது, ஓட்ஸும் பாதாமும் சேர்ந்து ஒரு கிராம் தரலாம். மிச்சம் 8 கிராம் தேனும் சர்க்கரையும் தந்தவை. தேனில் நீரும் உண்டு என்பதால், அவ்விரண்டின் எடை 8 கிராமுக்குச் சற்று மேலேயே இருக்கும். இரண்டு பெயர்களாகப் பிரிந்து பாதாமுக்குக் கீழே நிற்கும் அவற்றை ஒன்றாக எழுதியிருந்தால், அந்தப் பெயர் பாதாமுக்கு மேலே வந்திருக்கும்.