கையில் வந்த டிவிடெண்டா, கம்பெனியில் விட்ட லாபமா? ஒரே கணக்கில் இரு தரப்பும்

நிதி மேலாண்மைத் தேர்வுகளில் டிவிடெண்ட் கேள்வி வந்தால் பலரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். வால்டரும் கார்டனும் ‘டிவிடெண்ட் பங்கு விலையைப் பாதிக்கும்’ என்பவர்கள். மில்லரும் மொடிக்லியானியும் ‘பாதிக்காது’ என்பவர்கள். இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்பது கார்டனின் வாதம். இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் கேள்வியில் கொடுத்த எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் சறுக்குகிறார்கள். கார்டனின் சூத்திரம் ஒன்று, கார்டனின் வாதம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் சறுக்கலுக்குக் காரணம்.

முதலில் மில்லர்-மொடிக்லியானி, சுருக்கமாக எம்.எம்., தரப்பு. ஒரு கம்பெனிக்கு 1,00,000 பங்குகள், இன்றைய விலை ₹100. பங்குதாரர் எதிர்பார்க்கும் வருமானம் 10%. ஆண்டு இறுதியில் லாபம் ₹10 லட்சம். அப்போது ₹21 லட்சம் முதலீடு செய்தே ஆக வேண்டும். கடன் கிடையாது; குறைகிற பணத்தைப் புதிய பங்கு விற்றுத்தான் திரட்ட வேண்டும். இனி இரண்டு வழி.

| | முழு லாபமும் டிவிடெண்ட் | டிவிடெண்டே இல்லை |
|---|---|---|
| பங்குக்கு டிவிடெண்ட் | ₹10 | ₹0 |
| ஆண்டு இறுதி விலை | ₹100 | ₹110 |
| வெளியில் திரட்ட வேண்டியது | ₹21 லட்சம் | ₹11 லட்சம் |
| புதிய பங்குகள் | 21,000 | 10,000 |
| மொத்தப் பங்குகளின் மதிப்பு | ₹1,21,00,000 | ₹1,21,00,000 |

இரண்டு பக்கமும் முதலீடு 21 லட்சத்தைக் கழித்து, லாபம் 10 லட்சத்தைக் கூட்டி, 1.1-ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு ₹1 கோடி.

இங்கே ஒரு பொறி உண்டு. புதிய பங்குகளின் எண்ணிக்கையை, திரட்ட வேண்டிய பணத்தை ஆண்டு இறுதி விலையால் வகுத்தே காண வேண்டும். டிவிடெண்ட் இல்லாத வழியில் மறந்துபோய் பழைய 100-ஆல் வகுத்தால் 11,000 பங்குகள் வரும். இன்றைய மதிப்பு ₹1,01,00,000 ஆகிவிடும். டிவிடெண்ட் கொடுக்கும் வழியில் இறுதி விலையும் 100 என்பதால் அந்தத் தப்பு வெளியே தெரியாது. ஆக, ஒரு லட்சம் வித்தியாசத்தைப் பார்த்து ‘டிவிடெண்ட் கொடுக்காததே நல்லது’ என்று முடித்துவிடுவார்கள். எம்.எம். கணக்கில் இரண்டு பக்கமும் சமமாக வரவில்லையென்றால் கணக்கில்தான் கோளாறு.

இதே கணக்கைப் பங்குதாரர் பக்கமிருந்து பார்ப்போம். ஒருவரிடம் 110 பங்குகள் இருக்கின்றன. டிவிடெண்ட் வந்தால் கையில் ₹1,100, பங்குகளின் மதிப்பு ₹11,000. வராவிட்டால் 110 ரூபாய் விலையில் 10 பங்குகளை விற்றுக்கொள்ளலாம். கையில் அதே ₹1,100, மிச்சமுள்ள 100 பங்குகளின் மதிப்பு அதே ₹11,000. ‘பங்கை விற்றதால் கம்பெனியில் அவர் பங்கு சுருங்கிவிட்டதே’ என்று கேட்பார்கள். முதல் வழியில் அவரிடம் 1,21,000-ல் 110 பங்கு. இரண்டாம் வழியில் 1,10,000-ல் 100 பங்கு. இரண்டும் 1,100-ல் ஒரு பாகம்தான். ஒரு வழியில் அவர் விற்றார், இன்னொரு வழியில் அவருக்காகக் கம்பெனி புதியவர்களுக்கு விற்றது. 1961-ல் வெளிவந்த எம்.எம். கட்டுரையின் சாரமாக நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ‘சரியான சந்தை, வரி இல்லை’ என்ற அனுமானங்களின் பட்டியலை மட்டும் ஒப்பிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அடுத்து கார்டன். சூத்திரம் இது:

P = E(1 − b) / (k − br)

E ஒரு பங்கின் லாபம், b நிறுத்திவைக்கும் விகிதம், k பங்குதாரர் எதிர்பார்ப்பு, r நிறுத்திய பணத்தில் கம்பெனி ஈட்டும் வருமானம். E ₹10, k 10% என்று வைத்துக்கொள்வோம். லாபம் முழுவதையும் கொடுத்துவிட்டால் விலை ₹100. பாதியை நிறுத்தினால், r 12% ஆக இருக்கும்போது விலை ₹125, 8% ஆக இருக்கும்போது ₹83.33. r-உம் 10% என்றால் எவ்வளவு நிறுத்தினாலும் அதே ₹100.

விலை மாறுகிறது, ஆகவே டிவிடெண்ட் முக்கியம் என்று இங்கே எழுதினால் அது அரைகுறைத் தீர்ப்பு. இந்தச் சூத்திரத்தில் வெளிப்பணம் கிடையாது. டிவிடெண்டைக் குறைத்தால் முதலீடு கூடும், கூட்டினால் முதலீடு குறையும். ₹125-க்குக் காரணம் 10% கேட்பவர்களின் பணத்தில் 12% சம்பாதிப்பது, டிவிடெண்ட் அல்ல. எம்.எம். முதலீட்டைக் கட்டிப்போட்டுவிட்டு டிவிடெண்டை மட்டும் நகர்த்தினார்கள். கார்டன் சூத்திரம் இரண்டையும் சேர்த்தே நகர்த்துகிறது. வால்டர் சூத்திரமும் அப்படித்தான். இன்னொரு வேடிக்கை: r கூடுதலாக இருக்கும் கம்பெனி லாபத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றுதான் இந்தச் சூத்திரம் சொல்கிறது. கைப்பணமே மேல் என்ற வாதத்துக்கு இது நேர் எதிர்.

அப்படியானால் அந்த வாதம் எங்கே இருக்கிறது? k-யில். தூரத்து டிவிடெண்ட் நிச்சயமற்றது, எனவே அதிகம் நிறுத்திவைக்கும் கம்பெனியிடம் பங்குதாரர் அதிக வருமானம் கேட்பார் என்று கார்டனும் லிண்ட்னரும் வாதிட்டார்கள். நம் கணக்கில் r 12%, பாதி நிறுத்தம். அதனால் k 11% ஆனால் விலை ₹100-க்கு இறங்கிவிடும். 12% ஆனால் ₹83.33. நல்ல முதலீடு தந்த லாபத்தை முழுக்க விழுங்கிவிடுகிறது. நிறுத்த விகிதம் கூடக் கூட k-யும் கூடும் அட்டவணை கேள்வியில் இருந்தால் மட்டுமே ‘கைப்பணம்’ பேசப்படுகிறது என்று கொள்ளலாம். k ஒரே எண்ணாக இருந்தால் அது முதலீட்டுக் கேள்வி.

அந்த k உண்மையில் ஏறுமா? எனக்கு எம்.எம். பதில்தான் வலுவாகப் படுகிறது. ஆபத்து அந்த ₹21 லட்சம் முதலீட்டில் இருக்கிறது. முதலீடு இரண்டு வழியிலும் ஒன்றே. ₹1,100 வாங்கியவருக்கு ஆபத்து குறைந்தது உண்மை, 10 பங்கை விற்றவருக்கும் அதே அளவு குறைந்தது. விகிதத்தை மாற்றினால் k தானாக மாறும் என்று சொல்ல இதில் இடமில்லை.

ஆனாலும் சந்தை இவ்வளவு சுத்தமாக நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவின் சிட்டிசன்ஸ் யுட்டிலிட்டீஸ் கம்பெனியில் இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. ஒன்றுக்கு ரொக்க டிவிடெண்ட், மற்றதற்குப் புதிய பங்குகளாக டிவிடெண்ட். கம்பெனி ஒன்றே, ஆபத்தும் ஒன்றே. 1978-ல் ஜான் லாங் இவற்றின் விலைகளை ஒப்பிட்டபோது, வரி பாதகமாக இருந்தும் ரொக்க வகைக்குச் சந்தை சற்றுக் கூடுதல் மதிப்புக் கொடுத்ததைக் கண்டார். ஆபத்து வேறுபடாதபோது இந்த வித்தியாசத்தைக் கார்டனின் k விளக்காது. ரொக்கத்தின் மேல் சிலருக்குள்ள விருப்பம் என்றுதான் சொல்ல முடியும்.

இந்தியாவில் வரியைக் கொண்டுவந்தால் தராசு இன்னும் மறுபக்கம் சாயும். 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கு அதைப் பெறுபவரே தன் வருமான வரி விகிதப்படி வரி கட்டுகிறார். 30% விகிதத்தில் இருப்பவருக்கு ₹1,100-ல் ₹330 போய்விடும், செஸ் தனி. அவரே ₹100-க்கு வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த 10 பங்கை ₹110-க்கு விற்றால் லாபம் ₹100 மட்டுமே, ஆண்டுக்கு ₹1.25 லட்சம் விலக்கைத் தாண்டியிருந்தாலும் 12.5% விகிதத்தில் வரி ₹12.50. ‘வரியைக் கணக்கில் கொண்டு விமர்சிக்க’ என்று கேள்வி முடிந்தால், டிவிடெண்ட் விலையைப் பாதிக்கும் என்று தாராளமாக எழுதலாம், இவரைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதிப்பு கீழ்நோக்கியது என்பதையும் சேர்த்து.