பலகார டின்னுக்கு ஆம்னியா, எக்ஸ்எல்லா? இரண்டையும் ஓட்டிப் பார்த்த கணக்கு

பள்ளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு. தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் அங்கே தயாராகும். காலையில் கோட்டையூர், காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளில் இறக்கிவிட்டு மதியம் திரும்பினால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்தச் சுற்றுக்குப் பதினான்கு மாதம் பழைய மாருதி ஆம்னி ஓட்டினேன். அதை விற்றுவிட்டு, எட்டு மாதமாக டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஓட்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எக்ஸ்எல் பக்கம்.

காரில் வெயில் இல்லை, மழை இல்லை, முதுகுவலி இல்லை. மொபெட்டுக்குப் பெட்ரோல் குறைவு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது என்னவென்றால், பலகாரம் எடையால் அல்ல, இடத்தால் வண்டியை நிரப்பும். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் தேன்குழல் அடுக்கினால் நாலு கிலோதான் கொள்ளும். எக்ஸ்எல்லில் முன்னால் கால் வைக்கும் இடத்தில் இரண்டு, பின்சீட்டைக் கழற்றிய கேரியரில் நாலு, ஆக ஆறு டின், 24 கிலோ. ஆம்னியில் பின்சீட்டை மடக்கினால் முப்பது டின் தாராளமாகப் போகும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் சாதாரண நாளில் கடைக்காரர்கள் கேட்டதோ எட்டு டின்தான். முப்பது டின் வண்டியில் எட்டு டின்னை வைத்துக்கொண்டு மீதி இடத்துக்கும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கோடு, நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஆம்னி எனக்கு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது, எக்ஸ்எல் 50 கொடுக்கிறது. மாதம் 1,500 கிலோமீட்டருக்கு ஆம்னிக்கு 11,770 ரூபாய். எக்ஸ்எல் 1,560 கிலோமீட்டர் ஓடி 3,180 ரூபாய்.

இவ்வளவும் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் போட்டுப் பார்த்ததுதான். எட்டு டின் விற்றால் பெட்ரோல் போக மிஞ்சும் என்றது தாள். அதில் இல்லாதது ரிப்பேர்.

ஆம்னி ஓடிய 21,000 கிலோமீட்டருக்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு டயர் 10,400. கிளட்ச் 6,800. பேட்டரி 3,900. ரேடியேட்டரும் ஹோஸும் 3,600. பிரேக்கும் வீல் பேரிங்கும் 4,300. ஆயில் சர்வீஸ் ஐந்து தடவை, 8,000. மொத்தம் 37,000. விற்கும்போது டயரில் பாதி உயிர் இருந்தது, அதைக் கழித்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கீழே பெரிதாக இறங்காது.

ரேடியேட்டர் விஷயத்தில் தப்பு என்னுடையது. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட் வழக்கத்தைவிடச் சுடுகிறது என்று இரண்டு நாளாகத் தெரிந்தும், சித்திரை வெயில் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தேவகோட்டை ரோட்டில் புகை. அன்றே தண்ணீர் அளவைப் பார்த்திருந்தால் ஹோஸோடு போயிருக்கும்.

இதைவிடப் பெரிய செலவு நோட்டில் ரிப்பேர் என்ற தலைப்பிலேயே வரவில்லை. கார் ஷெட்டுக்குப் போனால் அன்றைக்கே வராது. பாகம் மதுரையிலிருந்து வரணும், ஆள் லீவு என்று ஏதாவது ஒன்று. பதினான்கு மாதத்தில் 19 நாள் வண்டி நின்றது. பொரித்த பலகாரத்தை வைத்திருக்க முடியாது, கடைக்காரரும் காத்திருக்க மாட்டார். அந்த 19 நாளும் 900 ரூபாய் கொடுத்து லோடு ஆட்டோ பிடித்தேன். 17,100 ரூபாய். ரிப்பேர் பில்லில் கிட்டத்தட்டப் பாதி! இதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 58 காசு. எக்ஸ்எல் எட்டு மாதத்தில் ஒரே ஒரு அரைநாள் நின்றது. மெக்கானிக் அண்ணன் சாயங்காலம் செயினும் ஸ்பிராக்கெட்டும் மாற்றி, ராத்திரியே வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

இனி மாதக் கணக்கு. மாவு, எண்ணெய், கேஸ், கூலி, பாக்கெட் எல்லாம் போகக் கிலோவுக்கு 50 ரூபாய் நிற்கிறது. 26 நாள் விற்பனை. ஆம்னி காலத்தில் நாளைக்கு 32 கிலோ போனது, 41,600 ரூபாய். பெட்ரோல், ரிப்பேர், லோடு ஆட்டோ, இன்சூரன்ஸ், அப்புறம் 1,35,000-க்கு வாங்கி 1,05,000-க்கு விற்றதில் கரைந்தது, எல்லாம் சேர்ந்து மாதம் 18,000. கையில் நின்றது 23,600. எக்ஸ்எல்லில் 24 கிலோதான் ஏற்ற முடிகிறது என்பதால் இரண்டு கடையை விட்டேன். வரவு 31,200. வண்டிக்கு எல்லாம் சேர்த்து 4,900. நிற்பது 26,300.

இதில் உடைசலையும் கழிக்க வேண்டும். சீப்புச் சீடை மொபெட்டில் உடையும். டின் அடியில் பழைய சேலைத் துணி மடித்து வைத்து, டயர் டியூப் வாரால் இறுக்கிக் கட்டிய பிறகும் மாதம் நாலு கிலோ நொறுங்குகிறது. அதைத் தெருவில் பாதி விலைக்குக் கொடுப்பதில் 600 ரூபாய் நட்டம். அப்படியும் தினம் எட்டு கிலோ குறைவாக விற்று மாதம் இரண்டாயிரம் கூடுதலாக நிற்கிறது.

ஆம்னிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். 2019-இல் உற்பத்தி நின்றுபோனதால் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு ஆள் தேடி வருகிறார்கள். ஒரு நாளைக்கு இருபது டின் நிச்சயமாகப் போகும் என்றால் கணக்கு அதன் பக்கம் சாயலாம், அவ்வளவு நான் விற்றதில்லை. அடுத்த தெரு அக்கா அவர் டின்னையும் வாடகைக்கு ஏற்றச் சொன்னார். வெள்ளை போர்டு காரில் வாடகைச் சரக்கு ஏற்றக் கூடாது, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிடலாம் என்பதால் மறுத்துவிட்டேன்.

மழைதான் எக்ஸ்எல்லுக்கு வில்லன். ஐப்பசியில் தார்ப்பாய் போட்டுக் கட்டினாலும் டின் மூடியில் ஈரம் இறங்கினால் தேன்குழல் நமுத்துப் போகும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுகிறேன். தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் கல்யாணச் சீர் ஆர்டருக்கும் குட்டியானை வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை ஆர்டர் விலையிலேயே சேர்த்துவிடுகிறேன். "என்னப்பா, காரை வித்துட்டியாமே, சீர் எப்படி வரும்?" என்று கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் கவலைப்பட்டார். "வண்டி வாடகைக்கு வருது ஆச்சி, பலகாரம் நம்ம வீட்டிலேருந்துதான் வருது" என்றேன். வாடகையை எழுதியபோது மட்டும் பில்லை இரண்டு முறை பார்த்தார்.

எக்ஸ்எல் பற்றி எனக்கு எட்டு மாத அனுபவம்தான். கிலோமீட்டருக்கு 60 காசு ரிப்பேர் என்று வைத்திருப்பதில் கிளட்ச் செலவு மெக்கானிக் அண்ணன் சொன்ன மதிப்பு, நான் இன்னும் மாற்றவில்லை. ரயில்வே மேம்பாலத்தில் சரக்கோடு ஏறும்போது இன்ஜின் இரைந்தும் வண்டி இழுக்காவிட்டால் நேரம் வந்துவிட்டது என்றார். அதற்காகத் தினமும் வந்தவுடன் 65 ரூபாயை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிறேன். ரிப்பேருக்கு 36, வண்டித் தேய்மானத்துக்கு 26, இன்சூரன்ஸுக்கு 3. இதுவரை 13,520 போட்டு 3,700 எடுத்திருக்கிறேன். பின்டயரில் பட்டன் தேய்ந்து நடுவில் வழவழப்பாகிவிட்டது, அடுத்த வாரம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.